பிரிக்காத பங்கு: குடும்ப நாவலில் நிலத் தகராறு எப்படிக் கதையை நகர்த்துகிறது

நிலத் தகராறு வரும் குடும்ப நாவலைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம்: அண்ணனுக்குப் பேராசை, தங்கையை ஏமாற்றிவிட்டான், குடும்பம் உடைந்தது. எழுதத் தொடங்குகிறவர்களும் இதையே நம்பி ஒரு கெட்டவனை உருவாக்குகிறார்கள். அவன் கள்ளக் கையெழுத்துப் போடுகிறான், முந்நூறாவது பக்கத்தில் பெட்டிக்கு அடியிலிருந்து உயில் கிடைக்கிறது, எல்லாம் சரியாகிறது. வாசகருக்குக் கோபம் வருகிறது. கசப்பு வருவதில்லை.

கசப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. தகராறில் இருக்கும் ஒவ்வொருவர் பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயங்கள் ஒரே வகையானவை அல்ல. ஒன்றை மற்றொன்றால் கழிக்க முடியாது. இது ஏன் நேர்கிறது என்று புரிய, வாரிசுரிமை செயல்படும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வக்கீல் அளவுக்கு வேண்டாம். உடன்பிறந்தவர்கள் மூவரும் ஒரு நிலமும் உள்ள கதையை எழுதவோ படிக்கவோ தேவையான அளவு போதும்.

## பங்கு உண்டு, இடம் இல்லை

நிலத்தின் சொந்தக்காரர் இறந்த கணத்திலேயே அது வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. ஆனால் துண்டு துண்டாகப் போவதில்லை. எல்லோருக்கும் சேர்த்து, ஒரே நிலமாகப் போகிறது. இந்த நிலைக்குப் பிரிபடாத பங்கு என்று பெயர். அதாவது, மொத்தத்தில் நான்கில் ஒரு பாகம் உங்களுடையது. ஆனால் எந்த மூலை என்று யாராலும் சொல்ல முடியாது.

நான்கு பேர் ஆளுக்கொரு குவளை தண்ணீரை ஒரே குடத்தில் ஊற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் உங்களுக்கு ஒரு குவளை உண்டு. உங்கள் தண்ணீர் எது என்று கேட்டால் பதில் இல்லை. குடம் முழுக்க உங்களுடையதும் இருக்கிறது. பிரிபடாத பங்கும் அப்படித்தான். நிலத்தின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் நால்வருக்கும் உரிமை.

ஆனால் இந்த ஒப்பீடு ஓரிடத்தில் உடைகிறது. தண்ணீரை எந்தப் பக்கம் சாய்த்து முகந்தாலும் ஒரே தண்ணீர்தான். நிலம் அப்படி அல்ல. ஒரு பக்கம் சாலை, ஒரு பக்கம் கிணறு; நடுவில் நல்ல மண், கடைசியில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளம். எட்டு ஏக்கரை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று சொல்லக் குழந்தைக்கும் தெரியும். சாலையோர இரண்டு ஏக்கர் யாருக்கு என்ற கேள்விக்குக் கணக்கில் விடை கிடையாது. நாவலுக்கு வேண்டிய சண்டை அந்த விடை இல்லாத இடத்தில்தான் இருக்கிறது.

## மூன்று வேறு விஷயங்கள், ஒரே சொல்

‘நிலம் அவனுடையது’ என்று பேச்சில் சொல்கிறோம். இதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது உரிமை: சட்டப்படி யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பது. இரண்டாவது அனுபவம்: நடைமுறையில் யார் உழுகிறார், யார் விளைச்சலை எடுக்கிறார் என்பது. மூன்றாவது பெயர்: அரசுப் பதிவேட்டில் வரி கட்டுபவராக யார் எழுதப்பட்டிருக்கிறார் என்பது. வரி ரசீதில் ஒருவர் பெயர் இருப்பதால் மட்டும் நிலம் முழுவதும் அவருக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் இருபது வருடம் அந்த ரசீதை மடித்து வைத்துக்கொண்டிருந்தவர் அப்படி நம்பத் தொடங்கிவிடுவார்.

சொந்தக்காரர் உயிரோடு இருந்தவரை மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தன. அவர் இறந்த நாளில் மூன்றும் பிரிகின்றன. உரிமை எல்லோருக்கும் போகிறது. அனுபவம் ஊரில் இருப்பவரிடம் தங்கிவிடுகிறது. பெயர் பல சமயம் இறந்தவர் பெயராகவே பல வருடம் கிடக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை. துக்கத்தின்போது நிலத்தைப் பிரிப்பதைப் பற்றிப் பேசுவது அழகல்ல என்று எல்லோரும் நினைத்தார்கள், அவ்வளவுதான்.

சுருக்கமாக: இறப்புக்கும் பிரிவினைக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி நீள நீள, உரிமையும் அனுபவமும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. பேராசை என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தத் தாமதம் செய்த வேலை.

## எட்டு ஏக்கரும் மூன்று பிள்ளைகளும்

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய எட்டு ஏக்கர். மனைவி, மூத்த மகன், நடுவில் ஒரு மகள், இளைய மகன். உயில் எழுதாமல் தந்தை இறந்துவிடுகிறார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்ற விதியை வைத்துக்கொள்வோம். இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், இறந்தவரின் தாயும் உயிரோடு இல்லாத நிலையில், இப்படிப்பட்ட சொத்தை இவ்வாறுதான் பங்கிடுகிறது. ஆக நால்வருக்கும் நான்கில் ஒன்று. ஆளுக்கு இரண்டு ஏக்கர்.

மகளுக்கு வெளியூரில் திருமணமாகிவிட்டது. இளையவன் படித்துக்கொண்டிருக்கிறான்; பிறகு நகரத்தில் வேலை. மூத்தவன் நிலத்தோடு நின்றுவிடுகிறான். தாய் அவனோடு இருக்கிறாள். ஒவ்வோர் அறுவடைக்கும் தங்கை வீட்டுக்கு ஒரு மூட்டை தானியம் அனுப்புகிறான்.

ஆறாவது வருடம் கிணறு வற்றுகிறது. மூத்தவன் தன் பெயரில் கடன் வாங்கி ஆழப்படுத்துகிறான். தம்பியிடம் கேட்கிறான், தம்பி ‘இப்போது முடியாது அண்ணா’ என்கிறான், அது உண்மையும்கூட. ஒன்பதாவது வருடம் சாலையை அகலப்படுத்துகிறார்கள், நில விலை ஏறுகிறது. பத்தாவது வருடம் மூட்டை வரவில்லை.

இந்த மூட்டையை நான் வேண்டுமென்றேதான் கதைக்குள் வைத்தேன். தங்கைக்கு அது அண்ணனின் பாசம். சட்டத்தின் கண்ணில் அதற்கு வேறு வேலையும் உண்டு: விளைச்சலில் பங்கு கொடுக்கிறவன், பெறுபவளுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாக வாதிட அது இடம் தருகிறது. அண்ணனுக்கு இது தெரியாது. விவரம் தெரிந்த யாரோ ஒருவர் பத்தாவது வருடம் அவன் காதில் போடுகிறார். மூட்டை நிற்கிறது. ஒரே செயல் வீட்டுக்குள் ஒரு பொருளும், வழக்கில் இன்னொரு பொருளும் தருகிறது. இப்படி இரட்டை அர்த்தமுள்ள பொருள் ஒன்று கிடைத்துவிட்டால், நாவலாசிரியர் விளக்கமே எழுத வேண்டியதில்லை.

## ‘பன்னிரண்டு வருடம் இருந்தால் சொந்தம்’ என்பது

நிலக் கதைகளில் மிக அதிகமாகத் தப்பாக எழுதப்படும் விஷயம் இது. பிறர் நிலத்தை நீண்டகாலம் வெளிப்படையாக, தனக்கே உரியது என்று சொல்லி, தடையில்லாமல் வைத்திருப்பவர் ஒரு கட்டத்துக்குப் பிறகு அதன் உரிமையாளராகலாம். இதை எதிரிடை அனுபவம் என்பார்கள். இந்தியாவில் தனியார் நிலத்துக்கு அந்தக் காலம் 12 ஆண்டுகள்.

ஆனால் பங்காளிகளுக்கு இடையே இது இவ்வளவு எளிதில் நடக்காது. கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் நிலத்தை வைத்திருந்தால், அவர் மற்றவர்களுக்காகவும் சேர்த்தே வைத்திருக்கிறார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். முப்பது வருடம் அவர் தனியாக உழுதாலும், வரி கட்டினாலும், அது மட்டும் போதாது. மற்றவரின் பங்கை மறுக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்படி வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். கடிகாரம் அந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

நாவலாசிரியருக்கு இது பெரிய வரம். சட்டமே ஒரு காட்சியைக் கேட்கிறது. மனத்துக்குள் ஆசைப்பட்டால் போதாது. வாயைத் திறந்து, தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நம் கதையில், மூட்டை நின்ற சில மாதம் கழித்து ஒரு விசேஷ வீட்டில் இருவரும் சந்திக்கிறார்கள். உறவினர்கள் சுற்றி இருக்கிறார்கள்.

“என்ன அண்ணா, இந்த வருடம் விளைச்சல் குறைவா?”

“விளைச்சலுக்கு என்ன குறை. உனக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் உன் கல்யாணத்திலேயே செய்தாயிற்று. இனி அங்கே உனக்கு எதுவும் இல்லை.”

தங்கை பதில் பேசவில்லை. அவளுக்கு அது அவமானம். அண்ணனுக்கு அது பத்து வருடமாக வாய்க்குள் சுமந்த வாக்கியம். இருவருக்கும் தெரியாத இன்னொன்று: அவள் வழக்குப் போடுவதற்கான காலம் அந்த மாலையிலிருந்து குறையத் தொடங்கியது என்று நாளை ஒரு வக்கீல் வாதாட முடியும். மூட்டையை நிறுத்தியது மட்டும் அதற்குப் போதாது. இந்த வார்த்தை போதுமானதாக இருக்கலாம். தந்தை இறந்து பத்தாம் வருடம் சொல்லப்பட்டது என்றால், இருபத்திரண்டாம் வருடம் வரை அவளுக்கு நேரம் இருக்கிறது. அவள் இருபத்தொன்றில் விழித்துக்கொள்கிறாளா, இருபத்துமூன்றிலா? நாவலின் வேகத்தை அந்த இரண்டு வருடத்தில் முடுக்கலாம். அன்று அங்கிருந்த உறவினர்கள் எல்லோரும் வருங்காலச் சாட்சிகள். அவர்களில் யார் எதைக் கேட்டதாகச் சொல்வார்கள் என்பது தனிக் கதை.

மறுபடி ஒருமுறை: கூட்டுச் சொந்தக்காரர் வெறுமனே இருந்து, காலம் கடத்தி, மற்றவர் பங்கை எடுத்துக்கொள்ள முடியாது. மறுத்துச் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் கதையில் அந்தச் சொல் எங்கே, எப்போது, யார் முன்னிலையில் விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

## இரண்டு கணக்குகள்

இனி கசப்புக்கு வருவோம். சட்டம் பிறப்பை எண்ணுகிறது. இவருக்குப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அத்தனை பங்கு. மனம் உழைப்பையும் இழப்பையும் எண்ணுகிறது. இந்த இரண்டாவது கணக்கு எந்தத் தாளிலும் இல்லை.

மூத்தவனின் கணக்கைப் பாருங்கள். கிணற்றுக் கடன். நோயில் கிடந்த தாய்க்கு மருந்து. தம்பி நகரத்தில் வேலை தேடிய வருடங்களில் அனுப்பிய பணம். தானும் வெளியே போயிருக்கலாம், போகவில்லை என்பது. கடைசியாகச் சொன்னதற்கு ரசீது கிடையாது. ஆனால் அவன் மனத்தில் அதுதான் பெரிய தொகை.

மகளின் கணக்கு: தன் நகை இரண்டு முறை அடகு போனது, ஒரு முறை திரும்பவே இல்லை, அது அண்ணனின் விதைச் செலவுக்குப் போனது. கல்யாணத்தில் கொடுத்ததைத் தன்னிடம் கேட்டு யாரும் கொடுக்கவில்லை, அது அவளுடைய பங்கு என்றும் அன்று யாரும் சொல்லவில்லை. பின்னாளில் அதற்குப் பங்கு என்று பெயர் வைக்கிறார்கள்.

இளையவனின் கணக்கு மிக விசித்திரமானது. தனக்கு எல்லோரும் செய்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த நன்றிக்கடன் அவனுக்கு ஒரு பாரம், பாரம் எரிச்சலாகிறது. ‘நான் கேட்டேனா’ என்கிறான். மூவரில் நாவலாசிரியருக்கு அதிகம் பயன்படுபவன் இவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதிக்கப்பட்டவர்களை எழுதுவது சுலபம்; பயனடைந்து அதனாலேயே கசந்துபோனவனை எழுதுவது கடினம்.

கிணற்றுக்குச் செலவிட்டதைப் பிரிவினையின்போது ஈடுகட்டும்படி மூத்தவன் கேட்கலாம். கணக்குக் காட்டினால் நீதிமன்றம் கவனிக்கவும் கூடும். கூடவே அவன் எடுத்த விளைச்சலின் பங்கைத் தங்கை அவனிடம் கேட்கலாம் என்பதும் உண்டு. ஆனால் போகாமல் இருந்துவிட்ட வாழ்க்கைக்கு ஈடு எங்கே கேட்பது? கேட்க இடமில்லாத நியாயம் வேறு வழியில் வெளிப்படுகிறது: பத்திரிகை வைக்காத திருமணம், எட்டிப் பார்க்காத சாவு வீடு, வரப்பில் ஒரு சாண் நகர்த்தி நட்ட கல். ஒரு சாண் மண்ணுக்காகப் பத்து வருடம் வழக்கு நடத்துகிறார்களே என்று வெளியாள் சிரிப்பான். அந்தக் கல்லில் இருப்பது மண் விலை அல்ல என்பதை வாசகருக்கு முன்கூட்டியே காட்டியிருந்தால் வாசகர் சிரிக்கமாட்டார்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்வேன். நாவலைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இந்த இரண்டாவது கணக்கைத் தனித்தனித் தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே செலவு இரண்டு தாள்களில் இரண்டு பெயர்களில் வர வேண்டும். அண்ணன் தாளில் ‘தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்தது’, தங்கை தாளில் ‘என்னை அனுப்ப ஆன செலவு’. அப்படி ஒன்றுகூட வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது சண்டைதான், இன்னும் கசப்பு இல்லை.

## கையெழுத்து கேட்டு வரும் நாள்

பங்கை விட்டுக்கொடுப்பதற்கு ஓர் ஆவணம் உண்டு: விடுதலைப் பத்திரம். கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுத் தருவதாக எழுதிப் பதிவு செய்வது. பணம் வாங்கிக்கொண்டும் எழுதலாம், வாங்காமலும் எழுதலாம்.

இந்தக் காட்சியை மோசடியாக எழுதத்தான் முதலில் கை போகும். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்குவது, மருத்துவமனைப் படுக்கையில் விரலைப் பிடித்து அழுத்துவது. அதெல்லாம் நடப்பதுண்டு. ஆனால் தங்கைக்கு எல்லாம் தெரிந்தே கையெழுத்துப் போடும் காட்சி அதைவிட ஆழமாகக் குத்தும். அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். கணவன் வீட்டில் ஏதாவது நேர்ந்தால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். இரண்டு ஏக்கருக்கும் அந்த வாசலுக்கும் இடையே அவள் தேர்ந்தெடுக்கிறாள். சட்டப்படி சுயவிருப்பம்தான். அந்தப் பேரத்தில் அவள் வாங்கியது எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. ஆகவே அது மீறப்படும்போது காட்ட அவளிடம் எதுவும் இல்லை.

நம் கதையில் மகள் கையெழுத்துப் போட மறுக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம், கணக்கு தொடர வேண்டும் அல்லவா.

இளையவன் வழியாக இன்னொரு கதவும் திறக்கலாம். பிரிக்காத பங்கைக்கூட ஒருவர் வெளியாளுக்கு விற்க முடியும். விற்றவர் போய்விடுவார், வாங்கியவர் அவர் இடத்தில் வந்து நின்று, எனக்கு வரவேண்டியதைப் பிரித்துக் கொடுங்கள் என்பார். அவருக்கு மூட்டையும் இல்லை, நகையும் இல்லை, இரண்டாவது கணக்கே இல்லை. குடும்பத்துக்குள் யாரும் வாய்விட்டுக் கேட்காததை அவர் வெறும் பின்னமாகக் கேட்பார். அதுவரை பேசாமலிருந்த அண்ணனும் தங்கையும் அவரை எதிர்த்து ஒன்று சேரவும் கூடும்.

## தாயின் நான்கில் ஒன்று

குடும்பக் கதைகளில் தாயைக் கண்ணீராக மட்டுமே வைப்பது வழக்கம். கணக்கைப் பாருங்கள்: அவளிடம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. மூன்று பிள்ளைகளும் அவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அந்த இரண்டு ஏக்கர் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறது. மருமகள் கொண்டுவந்து வைக்கும் தட்டுக்குக்கூட ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது, அது அன்பாகவே இருந்தாலும். நல்லது செய்வதே சந்தேகத்துக்கு இடம் தரும் நிலைமை. சொத்து ஒரு வீட்டுக்குள் செய்யும் மிகக் கொடிய வேலை இது என்பேன்.

பன்னிரண்டாவது வருடம் ஒரு வாய்த் தகராறுக்குப் பிறகு தாய் இளையவன் வீட்டுக்குப் போகிறாள். பதினான்காவது வருடம் தன் பங்கை இளையவனுக்கு என்று உயில் எழுதுகிறாள். உயில் என்பது இறந்த பிறகு தன் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று ஒருவர் எழுதிவைப்பது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றலாம், கிழிக்கலாம். பல இருந்தால் கடைசியாகச் சரியாக எழுதப்பட்டதே செல்லும். இந்தியச் சட்டத்தில் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை. பதினாறாவது வருடம் தாய் இறக்கிறாள்.

உயில் இல்லாமல் இருந்திருந்தால் அவள் பங்கு மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு இரண்டே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வந்திருக்கும். உயிலால் இளையவனுக்கு நான்கு, மற்ற இருவருக்கும் இரண்டு இரண்டு. அதாவது உயிலால் மூத்தவன் இழந்தது முக்கால் ஏக்கர்கூட இல்லை. வாழ்நாள் முழுக்க எட்டு ஏக்கரையும் தன் கையால் செய்தவனுக்குச் சட்டப்படி ஏற்கெனவே போய்விட்டது அதைவிடப் பல மடங்கு. ஆனால் அவன் உடைவது இந்த முக்கால் ஏக்கருக்குத்தான். மற்றதைச் சட்டம் எடுத்தது. இதை அம்மா எடுத்தாள்.

உயிலை மூத்தவன் எதிர்த்தால் என்ன கேட்பார்கள்? பயனடைபவனே வக்கீலை அழைத்து வந்தானா, சாட்சிகள் அவனுடைய நண்பர்களா, தாய்க்கு அன்று நினைவு தெளிவாக இருந்ததா, மற்ற பிள்ளைகளை ஏன் விட்டாள் என்று காரணம் எழுதியிருக்கிறாளா? இந்தச் சந்தேகங்களை உயிலைக் கொண்டுவருபவர்தான் தீர்க்க வேண்டும். ஆகவே தாயின் கடைசி இரண்டு வருடம் முழுவதும் சாட்சிக் கூண்டில் திரும்ப வாழப்படுகிறது. மகனே தன் தாய்க்குப் புத்தி தடுமாறியிருந்தது என்று சொல்ல வேண்டும். இன்னொரு மகன் இல்லை என்று சொல்ல வேண்டும். நீதிமன்றக் காட்சி என்றாலே பக்கங்களைத் தள்ளிவிடுகிறவன் நான். ஆனால் இந்த ஒரு காட்சியைத் தள்ளமாட்டேன்.

இதுவரை: உயில் கதையை முடித்துவைப்பதில்லை. சட்டம் சமமாக்கிய இடத்தில் அது ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது, அந்தத் தேர்வுக்குக் காரணம் சொல்ல எழுதியவர் உயிரோடு இல்லை.

## பிரிக்கும்போது என்ன நடக்கிறது

வழக்கு என்றால் ஒரே நாளில் தீர்ப்பு, ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார் என்று எழுதுகிறார்கள். பாகப்பிரிவினை வழக்கு இந்திய நீதிமன்றங்களில் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் யாருக்கு எவ்வளவு என்ற பின்னங்களை மட்டும் நீதிமன்றம் அறிவிக்கும். இது முதல்நிலைத் தீர்ப்பாணை. நிலம் இன்னும் ஒரே நிலம்தான். அடுத்து நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் அளவையாளரோடு நேரில் வந்து, அளந்து, கிணறு, சாலை முகப்பு, மண் தரம் எல்லாவற்றையும் பார்த்து, எந்தத் துண்டு யாருக்கு என்று யோசனை அளிப்பார். அதற்கு ஆட்சேபம் சொல்லலாம். பிறகுதான் இறுதித் தீர்ப்பாணை. இரண்டுக்கும் நடுவில் வருடங்கள் ஓடும், மேல்முறையீடும் உண்டு.

ஆகவே கதையின் உச்சத்தை நீதிமன்றத்தில் வைப்பதைவிட அளவைச் சங்கிலி நிலத்தில் இழுபடும் காலையில் வைப்பது நல்லது. வருடக்கணக்காகப் பேசாதவர்கள் ஒரே வரப்பில் நிற்கிறார்கள். மூத்தவனைத் தவிர வேறு யாருக்கும் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று தெரியாது. ஆணையர் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் பள்ளம் தன் பங்கில் விழலாம். சொல்லாவிட்டால் தங்கைக்குப் போகும். வாயைத் திறந்து ஒருமுறை பங்கை மறுத்தவன், இப்போது இன்னொரு முறை வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது.

துண்டுகள் சமமாக அமையாவிட்டால் நல்ல துண்டு பெற்றவர் மற்றவருக்குப் பணமாக ஈடுகட்டச் சொல்வார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது. முறை வைத்துப் பயன்படுத்தச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் துண்டுக்குப் போக வழி விட வேண்டும். பிரிந்த பிறகும் கிணறும் வழியும் பொதுவாகவே இருக்கின்றன. முதல் தலைமுறையின் வழக்கு முடிந்த இடத்தில் இரண்டாம் தலைமுறையின் வழக்கு தொடங்குவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

## எந்தச் சட்டம், எந்த வருடம்

மேலே சொன்னதெல்லாம் சம பங்கு என்ற ஒரு விதியின்மேல் நிற்கிறது. விதி மாறினால் கசப்பின் வடிவமே மாறும்.

இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கும்வரை, உயில் இல்லாத நிலம் மூத்த மகனுக்கே போனது. அங்கே இடைவெளி, பிரிபடாத பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை; இளையவர்களின் மனக்குறை அவர்கள் பிறந்த வரிசையிலேயே எழுதப்பட்டுவிட்டது. கதை நிலத்தில் நடக்காமல் கல்யாணப் பேச்சுகளில் நடக்கும். பிரான்ஸில் 1804இன் குடிமைச் சட்டத் தொகுப்பு பிள்ளைகளுக்குச் சம பங்கு என்றதோடு, பெற்றோர் உயிலால் தொட முடியாத ஒரு பகுதியையும் ஒதுக்கிவைத்தது. அங்கே நம் தாயின் உயிலுக்குப் பல் பாதிதான். மேலும் உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததை, வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், முன்பணமாகப் பங்கில் கழிப்பார்கள். ‘கல்யாணத்திலேயே செய்தாயிற்று’ என்று அண்ணன் சொன்ன வாக்கியம் அங்கே சட்ட வாதம். நம் கதையில் அது மனக்குறை மட்டும். இஸ்லாமிய வாரிசுரிமையில் உயிலால் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. அங்கே மூவரின் கணக்கும் வேறு எண்களில் தொடங்கும்.

ஒரே ஊருக்குள்ளும் வருடம் முக்கியம். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களைப் போலவே பிறப்பால் உரிமை தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமான மகள்களுக்கு இல்லை. 2005இல் இந்திய அளவில் வந்த திருத்தம்தான் அந்த வேறுபாட்டைப் போக்கியது. இடைப்பட்ட பதினாறு வருடத்தில் நடக்கும் ஒரு நாவலை நினைத்துப் பாருங்கள்: ஒரே வீட்டில் பிறந்த அக்காவும் தங்கையும். அக்காவுக்கு அந்தப் பிப்ரவரியில் கல்யாணம், தங்கைக்கு ஜூனில். ஜாதகத்தில் நல்ல நாள் கிடைக்கவில்லை என்று தங்கையின் முகூர்த்தம் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான். அவளுக்குப் பிறப்பால் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. இருவரில் யாரும் எதுவும் செய்யவில்லை, அண்ணனும் செய்யவில்லை.